ஒரே பத்து மணிக்கு ரெண்டு ஐயாமார்

இப்ப உள்ளவங்களுக்கு ஒரு தகராறுன்னா நேரா பேசத் தெரியலை. ஒருத்தனுக்குத் தெரியாம இன்னொருத்தன் தோட்டத்தை ஆளுற தொரை வீட்டுப் படி ஏறுறான். அதுலயும் ஆபீசுல எழுத்து வேலை பாக்குறவங்களை நான் நம்புறதே இல்லை. பெரிய கிளாக்கர் அம்பலவாணரையும் அப்படித்தான் நெனைச்சிருந்தேன்.

அப்ப நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில கொழுந்து கங்காணி. ஒரு நாள் காலையில ஆள் பிரிக்கிற பெரட்டுல, மலை வேலையைப் பாக்குற கண்டாக்கையா சொன்னாரு, "நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்கு வா. எந்த மலையில கொழுந்து எடுக்கிறதுன்னு பேசணும்." சாயங்காலம் கொழுந்து நிறுக்கையில, தேயிலைத்தூள் ஆக்குற ஸ்டோருக்குப் பெரியவரான டீமேக்கரையா, "முத்தல் கொழுந்தா வருது. நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டோருக்கு வந்து பதில் சொல்லு"ன்னாரு. ரெண்டு பேருக்கும் "சரிங்க"ன்னேன். கங்காணி வாயில வேற சொல்லு வராது.

அதுக்கு முந்தின வருசம் மூக்கன்னு இன்னொரு கங்காணி இப்படித்தான் ஒரு கூட்டத்துக்குப் போகலை. கங்காணி வேலை போயி, றொசல்லைத் தோட்டத்தில கூடை சொமந்துக்கிட்டிருந்தான்.

டீமேக்கரையாகிட்டத் திரும்பிப் போயி, கண்டாக்கையாவும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டிருக்காருன்னு சொன்னேன். "கண்டாக்கு என்ன எனக்கு மாமனாரா? நீ வா"ன்னாரு. கண்டாக்கையாகிட்டப் போனேன். "ஸ்டோர்க்காரன் சொல்லி நான் நேரத்தை மாத்தணுமா?"ன்னாரு.

வேற வழியில்லாம கிளாக்கர்கிட்டப் போனேன்.

"ரெண்டு பேரிட்டயும் சொல்லிப்போட்டீரோ?"

"சொன்னேங்க. யாரும் அசையலை."

"அப்ப தொரையிட்டத்தான் கதைக்கவேணும். ஆனா அதை முதல்ல அவையளுக்குச் சொல்லுவம். ஒளிச்சுப் போனா உமக்குத்தான் பழி."

என்னை நிறுத்தி வெச்சிட்டு ரெண்டு பேருக்கும் போன் பண்ணினாரு. "நாளைக்குக் காலமை இதைத் தொரையிட்டச் சொல்லப்போறன். நீங்களும் வாங்கோ."

மறுநாள் காலையில ரெண்டு ஐயாமாரும் நிக்க, தொரை முன்னாடி கிளாக்கரே பேசினாரு. யாரு எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு ரெண்டையும் ஒரே மாதிரி சொன்னாரு. யாரையும் கொறை சொல்லலை. "கங்காணியில பிழை இல்லை. ரெண்டு பேரிட்டயும் முன்னமே சொன்னவர்"ன்னு முடிச்சாரு.

தொரை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "எது இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கும்?"

கண்டாக்கையா, "எந்த மலைன்னு முடிவாகலைன்னா நாளைப் பெரட்டுல ஆளைப் பிரிக்க முடியாதுங்க. இப்பவே ஆளுகளுக்குச் சொல்லி அனுப்பணும்"ன்னாரு. டீமேக்கரையா, "நம்மது ரெண்டு மணிக்குன்னாலும் பரவாயில்லைங்க"ன்னாரு.

அவ்வளவுதான். பத்துக்கு ஆபீசு, ரெண்டுக்கு ஸ்டோரு. இனிமே கங்காணியைக் கூப்பிடுறவங்க கிளாக்கர்கிட்ட நேரம் கேட்டுத்தான் கூப்பிடணும்னு தொரை சொல்லிட்டாரு.

ஸ்டோர் கூட்டம் முடிஞ்சு கிளாக்கர்கிட்டப் போயி, "ஐயா, என் வேலையைக் காப்பாத்திக் குடுத்தீங்க. என் பிள்ளைங்க உங்களை மறக்காது"ன்னேன். நெஞ்சுக்குள்ள இருந்து வந்த சொல்லு அது.

"எனக்கு என்னத்துக்கு நன்றி? இனி என்னைக் கேக்காம ஒருத்தரும் உம்மைக் கூப்பிடமாட்டினம்"ன்னு சிரிச்சாரு.

கும்பிட்டுட்டு வெளியே வந்தேன். மனுசன் நல்ல மனுசன்தான். ஆனா ரெண்டு ஐயாமாரும் ஒருத்தரைக் கேட்டு நடப்பாங்கன்னு எனக்கு நம்பிக்கை வரலை. எங்க லயத்து வீட்டுப் பக்கம் நடந்தேன்.