ஒன்பது வருடமும் ஒரு நிமிடமும்

பட்டியலில் நவநீதனின் எண் இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் இன்னும் இரண்டு முறை கைப்பேசியில் தட்டித் தேடினான். இருந்தால் காட்டும், இல்லாவிட்டால் காட்டாது. அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? ஆனாலும் மனசு கேட்க வேண்டுமே. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய், தன் எண் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் ஓர் எண், பின்னால் ஓர் எண் இரண்டையும் பார்த்த பிறகுதான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

அரசு வேலைக்காக அவன் எழுதிய ஆறாவது குரூப் ஃபோர் தேர்வு இது. நடுநடுவே எழுதிய குரூப் டூவெல்லாம் தனி. முப்பத்து நான்கு வயது. படித்தது பி.எஸ்சி. கணிதம். ஒன்பது வருடமாக இண்டூரில் காலை பஸ் ஏறி, தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சவுரியப்பனின் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் படிப்பு மன்றத்துக்கு வருகிறான். ஜன்னலிலிருந்து மூன்றாவது நாற்காலி அவனுடையது. அதன் முதுகில் ஒரு துண்டு எப்போதும் தொங்கும். அங்கே துண்டு கிடந்தால் ஆள் இருப்பதாகப் பொருள்.

அந்த மாடிக்கு ஒரு வழக்கம் உண்டு. தேர்வானவன் லட்டு வாங்கி வருவான். அங்கே படிக்கும் முப்பது பேரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள். அவன் தன் நோட்டுகளைத் தனக்குப் பிடித்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் படி இறங்குவான். தேர்வாகாமல் படிப்பை விட்டுப் போகிறவனுக்கோ ஒரு வழக்கமும் கிடையாது. ஒருநாள் வரமாட்டான். மறுநாளும் வரமாட்டான். துண்டு ஒரு வாரம் தொங்கும். எட்டாம் நாள் சவுரியப்பன் அதை எடுத்து மடித்து அலமாரிக்கு மேல் போட்டுவிட்டு, நாற்காலியைப் புதிய ஆளுக்குக் கொடுத்துவிடுவார். யாரும் எங்கே என்று கேட்கமாட்டார்கள். செத்தவனைப் பற்றிக்கூட நாலு வார்த்தை பேசுகிற ஊர் இது!

அப்படித் துண்டை விட்டுப் போனவன்தான் ஜமீர். நான்கு வருடம் நவநீதனுக்குப் பக்கத்து நாற்காலி. ஐந்து வருடத்துக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய், இப்போது சொட்டு நீர்ப் பாசனக் குழாய் போடும் வேலையை எடுத்துச் செய்கிறான். அன்று மதியம் அவனே வந்து நவநீதனைக் கீழே டீக்கடைக்கு இழுத்துப்போனான்.

"லிஸ்ட் பாத்தன் மாப்ள," என்றான்.

"ரெண்டு கேள்வில போச்சு."

"போன தடவையும் ரெண்டு கேள்வின்னுதான் சொன்ன."

நவநீதன் டம்ளரை எடுத்து டீயை ஊதினான்.

"இண்டூர் பக்கம் நாப்பது தோட்டம் வேல வந்திருக்குது. நிலத்த அளக்கணும், எந்த மூலைல தண்ணி எவ்ளோ வேகமா வரும்னு கணக்குப் போடணும், வரைபடம் போடணும், மானியத்துக்கு ஃபாரம் எழுதி ஆபீஸ்ல குடுக்கணும். உனக்கு எல்லாம் தெரியும். சம்பளத்துக்கு வேணாம், கூட்டா செய்யலாம். திங்கக்கெழமைக்குள்ள சொல்லு. இல்லன்னா பொம்மிடில ஒருத்தன் கேட்டுட்டு இருக்கறான், அவனச் சேத்துக்குவன். மழைக்கு முன்ன முடிக்கணும், காத்திருக்க முடியாது."

"ஒம்போது வருஷம்டா," என்றான் நவநீதன். "இப்ப வுட்டா அத்தனையும் வீணு."

ஜமீர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் ஏன் உன்கிட்ட சொல்லாம போனன் தெரியுமா? சொன்னா இதையேதான் சொல்லுவ. நானும் உக்காந்துடுவன். எனக்கு அன்னிக்கி நாலு வருஷந்தான் ஆயிருந்துச்சு."

வீட்டில் அம்மா தீர்த்தம்மாள் களியைத் தட்டில் வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தாள், பார்த்ததும் தெரிந்துகொண்டாள், குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா நஞ்சப்பன்தான் பேசினார். மகன் ஆபீசராகப் போகிறான் என்று இண்டூர் சந்தையில் அவர் சொல்லாத ஆள் இல்லை.

"ரெண்டு கேள்விதான? அடுத்த தபா அடிச்சிரலாம்," என்றார்.

"ஜமீரு வேலைக்குக் கூப்புடறாம்பா."

"கொழா போடறதுக்கா ஒம்போது வருஷம் படிச்ச?" அவர் குரல் உயரவில்லை, அதுதான் சங்கடம். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனிமே சாண் போனா என்னா, மொழம் போனா என்னா. இன்னும் ஒரு வருஷம் பாத்துரு சாமி."

வெள்ளத்துக்குள் இருக்கிற தலை என்னுடையதாயிற்றே என்று சொல்ல வந்த பேச்சு வாயோடு நின்றது. அப்பா சொன்னதைத்தான் ஒன்பது வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? தேர்வு வைப்பவர்களும் நிறுத்து என்று சொல்லப்போவதில்லை. அவனுடைய இட ஒதுக்கீட்டு வகுப்பில் பட்டம் படித்தவனுக்கு வயது வரம்பு கிடையாது. தலை நரைத்தாலும் எழுதலாம். சலுகைதான், சந்தேகமில்லை. ஆனால் போதும் என்கிற வார்த்தையை அவனவனே சொல்லிக்கொள்ள வேண்டிய சலுகை. களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் மாதிரித் தேர்வு. இருநூறு கேள்வி, மூன்று மணி நேரம். எப்போதும்போல் நவநீதன்தான் மேற்பார்வை. மற்றவர்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பதில் அவனை மிஞ்ச அங்கே ஆள் இல்லை; அவனிடம் படித்த பதினொரு பேர் இன்று அரசு வேலையில் இருக்கிறார்கள். அதைச் சொல்லி யாராவது புகழ்ந்தால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொம்மிடியிலிருந்து வரும் பிரியதர்ஷினி, இரண்டு மாதம் முன்பு சேர்ந்த பெண், கணக்குப் பகுதியில் ஒரு கேள்வியில் தலை கவிழ்ந்தவள் நிமிரவில்லை. நவநீதன் இரண்டு முறை அவள் பக்கமாக நடந்துபோய் இருமிப் பார்த்தான். ஊஹூம். மணி அடித்தபோது பத்தொன்பது கேள்விகளை அவள் படித்திருக்கவே இல்லை.

அவனுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "ஏம்மா, என்னா சொல்லியிருக்கறன்? ஒரு நிமிஷத்துல பிடி கிடைக்கலன்னா நம்பருக்கு வட்டம் போட்டுட்டு அடுத்ததுக்குப் போன்னு சொன்னனா இல்லியா? ஒரே கேள்விக்கு இருவது நிமிஷம்!"

"பாதிக்கு மேல வந்துட்டங்கண்ணா." அவள் கண் கலங்கியிருந்தது. "இன்னும் ஒரே ஒரு ஸ்டெப்புதான்னு தோணிக்கிட்டே இருந்துச்சுங்க. அவ்ளோ நேரம் போட்டத வுட மனசே வர்லீங்க."

"நீ வுட்டாலும் அந்த இருவது நிமிஷம் திரும்பி வராது, அதுமேலயே உக்காந்திருந்தாலும் வராது. அது போயிருச்சு. அதக் கேக்காத. அடுத்த நிமிஷத்துக்கு இந்தக் கேள்வி மார்க் தருமா, வேற கேள்வி தருமா? அத மட்டும் கேளு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்ப, கிட்ட வந்துட்டோம்ங்கறதுக்குக் கணக்கே கெடையாதுங்களாண்ணா?"

"கிட்ட வந்ததுக்கு யாரும்மா மார்க் போடறாங்க?"

சொல்லிவிட்டான். சொன்ன வாய் அப்படியே நின்றது. அவள் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். நவநீதன் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தான்.

அவள் விட்டுப்போன கேள்வித்தாளின் பின்பக்கத்தில் ஆறு எண்களை வரிசையாக எழுதினான். ஒவ்வொரு தேர்விலும் தேர்வாவதற்கு எத்தனை கேள்வி குறைந்தது என்பது. பதினொன்று. மூன்று. ஐந்து. இரண்டு. நான்கு. ஆறு. கணக்குப் படித்தவன் இத்தனை வருடத்தில் ஒருநாளும் இவற்றை ஒரே தாளில் எழுதிப் பார்த்ததில்லை! 'ரெண்டு கேள்வில போச்சு' என்பது நான்காம் தேர்வின் கதை. அதற்குப் பிறகு இரண்டு தேர்வு போய்விட்டது. அவன் மட்டும் அந்த இரண்டு கேள்வியிலேயே குடியிருந்தான். அடுத்த தேர்வுக்கு அவை மிச்சமாகக் காத்திருப்பதுபோல, போய் எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல. ஆனால் ஒவ்வொரு தேர்வும் சுழியத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் பல லட்சம் பேர் புதிதாக எழுதுகிறார்கள்.

அந்தப் பெண் இருபது நிமிடம் செய்ததைத்தான் அவன் ஒன்பது வருடம் செய்திருக்கிறான்.

கடைசியாகத் தன்னிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டான். இன்று முதல்முறையாக யாராவது இந்தத் தேர்வைக் காட்டி, உனக்கு முப்பத்து நான்கு வயது, எழுதுகிறாயா என்று கேட்டால் தொடங்குவேனா? பதில் வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாட்டேன். அழுகை வரும் என்று நினைத்தான், வரவில்லை. உடம்பெல்லாம் ஒரு களைப்புதான் வந்தது, பஸ்ஸில் நெடுந்தூரம் நின்றுகொண்டே வந்து இறங்கியவன்போல. அந்த வருடங்கள் வீண்தானா? ஆமாம், பெரும்பாலும் வீண்தான். அதை ஒப்புக்கொள்ளத்தான் இத்தனை நாளும் பயந்திருந்தான்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னபோது நஞ்சப்பன் அவனைத் திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனவர், சோற்று நேரத்துக்கும் வரவில்லை. அம்மாதான், "வருவாரு, நீ சாப்புடு," என்றாள். அன்று இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை காலை ஜமீரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நவநீதன் மாடிக்குப் போனான். துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நழுவிவிடலாம், அதுதானே வழக்கம். துண்டை எடுத்துத் தோளில் போட்டான். படிக்கட்டு வரை வந்தான். அங்கே நின்றுவிட்டான். ஜமீர் சொல்லாமல் போனது நினைவுக்கு வந்தது. அன்று அவன் சொல்லியிருந்தால்? 'கோழை' என்று நாமே அவனைத் திட்டியிருப்போம் என்பதும் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தான்.

"எல்லாரும் ஒரு நிமிஷம்," என்றான். முப்பது தலையும் நிமிர்ந்தது. "நான் நிறுத்திக்கறன். ஒம்போது வருஷம் பாத்தன், எனக்குக் கெடைக்கல. இனிமேலும் கெடைக்கும்னு எனக்குத் தோணல. நாளையிலருந்து வேலைக்குப் போறன். அவ்ளோதான். இந்த நாற்காலிய எட்டு நாளு காலியா வெக்க வேணாம்."

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தேர்வானால் கை தட்டலாம். இதற்கு என்ன செய்வது? ஒருவன் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தான். பிரியதர்ஷினி வாயில் கை வைத்துக்கொண்டாள். வாசலில் நின்ற சவுரியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சுவரோரம், மின்விசிறிக்கு நேர் கீழே, கலைவாணன் இருந்தார். அந்த மாடியிலேயே மூத்தவர். நாற்பத்தொரு வயது, பதிமூன்று வருடம், பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். யாரோடும் பேசமாட்டார். வந்தால் புத்தகம், போனால் பஸ். அவர் மெல்ல எழுந்து நவநீதனிடம் வந்தார். கையைப் பிடித்து வாழ்த்தப் போகிறார் என்று அவன் நினைத்தான்.

அவர் குரலைத் தாழ்த்தி, தேர்வு அறையில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார்: "அப்பிடிச் சொல்லிட்டே போலாங்களா, தம்பி?"

நவநீதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "போலாங்கண்ணா," என்றான்.

கலைவாணன் திரும்பித் தன் நாற்காலியையும் அதன்மேல் கிடந்த துண்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.