யாருமே மாறாத சூட் ரூம்

பாளையங்கோட்டை ஹோட்டலின் மேலாளர் கிங்ஸ்டன், வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தை வரவேற்பாளர் ரீபாவின் முன் தள்ளினார். ஐந்துக்கு இரண்டு போட்டிருந்தார்.

"சாதா ரூம் கேட்டு வாறவங்கள்ல மாசம் பத்துப் பேரையாவது பேசி, வாடகை கூடுன சூட் ரூமுக்கு மாத்தணும். நீ வருஷம் பூரா ஒருத்தரைக்கூட மாத்தல."

"இந்த இலக்கை எப்ப சொன்னீங்க சார்?"

"இப்பதான் சொல்லுதேன்லா."

"இருக்கது ரெண்டே சூட். ரெண்டுலயும் முதலாளி மச்சான் குடும்பம் வருஷம் பூரா குடியிருக்கு. யாரை எங்கன மாத்த?"

"சாக்குச் சொல்லாம கையெழுத்துப் போடு."

ரீபா போட்டாள். அதற்கு முன், 'ஊழியர் கருத்து' என்ற இடத்தில் மச்சான் சங்கதியை ஒன்றுவிடாமல் எழுதினாள்.

கிங்ஸ்டன் அதை வாசித்தார். படிவம் நேராக முதலாளி மேசைக்குப் போகும். எப்போது காலி செய்வீர்கள் என்று மச்சானிடம் ஒருநாளும் வாய் திறவாதவர், படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றில் நான்கு போட்டார்.

"கருத்து மட்டும் வேண்டாம், என்னம்மா?"

"அதே வேலைதான சார் பாத்தேன்? அதுக்குள்ள எப்படி ரெண்டு நாலாச்சு?"

கிங்ஸ்டன் பேனாவை நீட்டினார். கருத்தில்லாமல் கையெழுத்துப் போட்டவள், "அடுத்த வருஷ இலக்கு?" என்றாள்.

"அதே பத்துதான். மாத்துனா முதலாளி ஏன்னு கேப்பாரு."

அவள் போனதும் தன் சுயமதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தார் கிங்ஸ்டன். 'நியாயமான இலக்கு வைத்து, உள்ளதை அஞ்சாமல் சொல்கிறேன்' என்ற வரிக்கு எதிரே ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொண்டார்.