மூன்று துண்டாய்ப் போன வாக்கியம்

மருத்துவமனையில் அவளைக் குறிப்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். இயக்குநர் அலுவலகத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் ஒலிப்பதிவுக் கருவியை மேசை நடுவில் வைப்பது அவள் வேலை. பேச்சைக் கணினி எழுத்தாக்கித் தரும், சுருக்கியும் தரும். அதைச் சீர்செய்து எல்லோருக்கும் அனுப்புவதும் அவளே.

அன்று காலைக் கூட்டம் பச்சிளங்குழந்தை வார்டைப் பற்றியது. பழைய கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்துக்கு அன்று மாலை நான்கு மணிக்கே குழந்தைகளை மாற்றிவிடலாமா என்பதுதான் கேள்வி. பேசியவர் பெரும்பாலும் ஒருவர்தான். கட்டடப் பிரிவு மேலாளர். மருத்துவமனை முழுக்க அவருக்கு மைக்செட் என்று பெயர். ரகசியம் பேசினாலே அடுத்த மாடியில் பதில் வரும். பழைய வார்டின் கூரை ஒழுகுவதை அவர் ஐந்தாறு விதமாகச் சொன்னார். அதில் பொய்யொன்றும் இல்லை. புதுக் கட்டடத்துக்காக அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்தவர் அவர். கூட்டம் முடிந்ததும் இயக்குநர் விமானத்தைப் பிடிக்க ஓடினார். கணினி கொடுத்த சுருக்கம் பளிச்சென்று இருந்தது. ‘ஆக்சிஜன் குழாய்ச் சோதனை முடிந்தது. ஆட்சேபணை எதுவும் இல்லை. இன்றே மாற்றலாம்.’ குறிப்புக்காரி இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினாள். இயக்குநர் வழியிலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

அவளுக்கும் அவசரம்தான். அவள் தங்கை தன் குழந்தையோடு அந்த வார்டில்தான் இருந்தாள். மாதம் நிறையாமல் பிறந்த பெண் குழந்தை, கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு.

மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள்.

“அக்கா, சாயந்திரம் புது வார்டாமே? எல்லாம் சரியா இருக்குமில்ல?”

“எல்லாம் பேசி முடிச்சாச்சுடி. யாருமே வேண்டாம்னு சொல்லல.”

சொல்லி வாய் மூடவில்லை, மனசுக்குள் ஏதோ நெருடியது. யாருமே சொல்லவில்லையா? மேசையின் கடைசியில் மயக்க மருத்துவர் உட்கார்ந்திருந்தார். புதுக் கட்டடத்து அறுவை அரங்குகளுக்கும் அவர்தான் பொறுப்பு. வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்போல எப்போதும் மெல்லத்தான் பேசுவார். இன்று அவர் விரல் உயர்ந்ததை அவள் பார்த்திருந்தாள். உதடு அசைந்ததையும். ஆனால் சுருக்கத்தில் அவர் பெயரே இல்லை.

சாப்பாட்டை மூடிவிட்டு எழுத்தாக்கத்தைத் திறந்தாள். பக்கம் பக்கமாக மைக்செட். மருத்துவரின் பெயரை மட்டும் தேடினாள். இரண்டே இடம். ஓரிடத்தில், ‘அந்தச் சோதனை நடந்தப்போ…’. அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, ‘சிலிண்டர் வெச்சு…’. இரண்டும் பாதியில் அறுந்திருந்தன. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை முதலிலிருந்து ஓட்டினாள். நடுவில் ஓரிடத்தில் மைக்செட் இருமினார். அந்த இருமலுக்கு அடியில் ஒரு மெல்லிய குரல்: “தியேட்டர் ரெண்டும் மூடியிருந்துச்சு, சார்.”

எழுத்தில் அந்த வரி மைக்செட்டின் பெயரில் இருந்தது. கருவி அவர் பக்கம் இருந்ததால் கணினி அதையும் அவர் கணக்கில் எழுதிவிட்டது. அதனால் அவர் பெருமையாகச் சொன்னதுபோலவே இருந்தது: தியேட்டர் மூடியிருந்தது, சோதனை முடிந்தது.

மூன்று துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புதுக் கட்டடத்தில் அறுவை அரங்குகள் இரண்டுக்கும் குழந்தை வார்டுக்கும் ஒரே குழாய்தான் ஆக்சிஜன் கொண்டுபோகிறது. அரங்குகள் மூடியிருந்தபோது சோதித்தால் அழுத்தம் நன்றாகத்தான் காட்டும். இரண்டும் சேர்ந்து இழுத்தால்?

இயக்குநரின் தொலைபேசி அணைந்திருந்தது. ஆகாயத்தில் இருக்கிறார். மைக்செட்டின் அறைக்கு ஓடினாள்.

“சார், காலையில டாக்டரம்மா சொன்னது குறிப்புல விட்டுப்போச்சு. சோதனைல தியேட்டர் மூடியிருந்துச்சுன்னு…”

“யாரும்மா சொன்னது? நான் அங்கதானே இருந்தேன்! எனக்குக் கேக்காதது உனக்கு எப்படிக் கேட்டுச்சு?”

“நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க, சார்.”

அவர் முகம் சுருங்கியது. பிறகு குரலை இறக்கினார். அவர் இறக்கியது மற்றவர்கள் சாதாரணமாகப் பேசும் அளவு. “உன் தங்கச்சி குழந்தை அங்க இருக்குல்ல? பயத்துல காதுல என்னென்னமோ விழும். மழை வருதாம். அந்தக் கூரைக்கடியில இன்னொரு ராத்திரி வெக்கச் சொல்றியா? அந்தம்மாவுக்கு ஆட்சேபணை இருந்தா வாயைத் திறந்து சொல்லட்டும்.”

தங்கை குழந்தைக்காக அவள் பயந்தது உண்மை. இல்லாததைச் சேர்த்துக் கேட்கிறோமோ? அறுந்த வாக்கியத்தைத் தன் பயத்தால் ஒட்டுப்போடுகிறோமோ? ஒன்றே ஒன்றுதான் செய்யலாம். சொன்னவரிடமே கேட்பது.

மயக்க மருத்துவர் பழைய கட்டடத்து அரங்கில், ஓர் அவசர அறுவைக்குள் இருந்தார். நோயாளியின் தலைமாட்டை விட்டு நகர முடியாது. வாசலில் இருந்த செவிலி கையை விரித்தார். குறிப்புக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சிஸ்டர், ரெண்டு நிமிஷம். சுவர்ல இருக்கிற ஸ்பீக்கர்ல ஒரு கேள்வி மட்டும். அவங்க ஆமா இல்லன்னு சொன்னாப் போதும்.”

செவிலி உள்ளே கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினார். குறிப்புக்காரி சுவரோடு வாயை ஒட்டிக்கொண்டாள்.

“டாக்டரம்மா, காலையில நீங்க சொன்னதை மூணு இடத்துல பிடிச்சேன். நான் புரிஞ்சுக்கிட்டதை வாசிக்கிறேன். தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க. ஒண்ணு, சோதனை நடந்தப்போ தியேட்டர் ரெண்டும் மூடியிருந்துச்சு. ரெண்டு, எல்லாத்தையும் ஒண்ணாத் திறந்து மறுபடி சோதிக்கணும். மூணு, அதுவரைக்கும் பக்கத்துல சிலிண்டர் வெச்சு மாத்தலாம்.”

உள்ளே இயந்திரங்கள் கீச்சிட்டன. ஏதோ ஒரு முனகல்.

“கேக்கலைங்க, டாக்டரம்மா!”

“மூணாவது தப்பு.” இப்போது கேட்டது. “சிலிண்டர் வெச்சு சமாளிச்சுக்கலாம்னு நினைச்சுடாதீங்கன்னு சொல்ல வந்தேன். அத்தனை குழந்தைக்கும் ஒரே நேரத்துல மாத்திப் போட ஆள் ஏது? சோதனை முடியற வரைக்கும் மாத்தவே கூடாது. குறிப்பு வந்ததும் திருத்தலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இந்தக் கேஸ் வந்துடுச்சு.”

குறிப்புக்காரி தன் தாளில் மூன்றாவதை அடித்தாள். கேட்காமல் அனுப்பியிருந்தால்? அவர் சொல்லாததை அவர் பெயரிலேயே சொல்லியிருப்பாள். காலையில் கணினி செய்த அதே வேலை.

“ரெண்டாவது?”

“அதையும் நான் சொல்ல வாய்ப்புக் கிடைக்கல. ஆனா அதான் என் கருத்து. இப்போ சொன்னதா போடுங்க.”

அப்படியே போட்டாள். கூட்டத்தில் சொன்னது தனி, குறுக்கிடப்பட்டு நின்றது தனி, பிற்பகலில் உறுதிசெய்தது தனி. ‘ஆட்சேபணை இல்லை’ என்ற வரியை நீக்கி, ‘மயக்க மருத்துவர் எழுப்பிய கேள்விக்குக் கூட்டத்தில் பதில் இல்லை’ என்று எழுதினாள். மைக்செட் ஐந்தாறு முறை சொன்ன கூரை ஒழுகலை ஒரே முறை, ஆனால் ஒன்றுவிடாமல் எழுதினாள். பதிவில் எந்த நிமிடம் என்பதையும் ஓரத்தில் குறித்தாள். எல்லோருக்கும் அனுப்பினாள். யாரும் திறந்து பார்க்கவில்லை. மணி நான்கை நெருங்கியது.

அச்செடுத்த தாளோடு அவள் பழைய வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் கண்ணாடிப் பெட்டி வாசலைத் தாண்டியிருந்தது. தள்ளியவர் வார்டின் தலைமைச் செவிலி. பின்னால் மைக்செட், கல்யாண மாப்பிள்ளைபோல. கூடத்தின் ஓரத்தில் தங்கை துணிப்பையை மார்போடு அணைத்து நின்றாள்.

“சிஸ்டர், நிறுத்துங்க!”

“இதோ வந்துட்டா,” என்றார் மைக்செட். “காலைக் குறிப்புக்கு ஒப்புதல் வந்தாச்சும்மா!”

“அந்தக் குறிப்பு தப்பு, சார். நான் அனுப்பினதுதான். தப்பா அனுப்பிட்டேன்.”

தாளை அவள் செவிலியிடம் நீட்டினாள். மைக்செட் பேசிக்கொண்டேபோனார். செவிலி படிக்கப் படிக்க மைக்செட்டின் குரல் ஏறியது. குறிப்புக்காரி எதிர்த்துப் பேசவில்லை. அந்தத் தொண்டையோடு யாரால் மல்லுக்கட்ட முடியும்? கைபேசியை எடுத்துச் செவிலியின் காதோரம் வைத்து, பதிவின் அந்த இடத்தை ஓடவிட்டாள். இருமல். அதன் அடியில், தியேட்டர் ரெண்டும் மூடியிருந்துச்சு, சார்.

“இது அந்தம்மா குரல்தான்,” என்றார் செவிலி. “நானும் கூட்டத்துல இருந்தேன். எனக்குக் கேக்கலையே.” அவர் பெட்டியின் சக்கரத்தைக் காலால் பூட்டினார். “சார், என் வார்டுப் பிள்ளைங்க. சோதிச்சுக் காட்டுங்க. அப்புறம் தள்றேன்.”

“மழை வந்தா?”

“வந்தா நான் பாத்துக்கறேன்.”

அறுவை முடிந்து மயக்க மருத்துவரும் வந்து சேர்ந்தார். புதுக் கட்டடத்தில் ஆக்சிஜன் பணியாளர் வார்டின் குழாய் வாய்களையெல்லாம் திறந்தார். சுவரிலிருந்த அழுத்தமானியின் முள் அசையவில்லை. மைக்செட், “பாத்தீங்களா!” என்றார். பிறகு முதல் அரங்கைத் திறந்தார்கள். முள் கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது அரங்கைத் திறந்ததும் மடமடவென்று சரிந்தது. சுவரில் சிவப்பு விளக்கு எரிந்து, எச்சரிக்கை மணி வார்டு முழுக்க அலறியது. காலி வார்டு. கண்ணாடிப் பெட்டி ஒன்றும் இல்லாத காலித் தரை.

மைக்செட் சரிந்த முள்ளையே பார்த்தார். மெல்ல மருத்துவரிடம் திரும்பி, “கூட்டத்துலயே கத்திச் சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார்.

“மூணு தடவை சொன்னேன், சார்,” என்றார் அவர்.

குழாயை அகலமாக்க வாரக்கணக்கில் ஆகுமாம். யாருக்கும் வெற்றி இல்லை. சாயந்திரமே வானம் பிளந்தது. பழைய வார்டில் மூன்று இடத்தில் கூரை சொட்டியது. பாத்திரம் வைத்தார்கள், பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டினார்கள், கண்ணாடிப் பெட்டிகளைச் சுவரோரம் நெருக்கித் தள்ளினார்கள். மைக்செட் ஏணியில் நின்று நனைந்தபடி யாரையோ திட்டித்தீர்த்தார்.

தங்கை குழந்தையின் பெட்டியை விட்டு நகரவில்லை.

“இங்கயும் பயம், அங்கயும் பயம். நான் எங்கக்கா போவேன்?” என்று அழுதாள்.

குறிப்புக்காரி தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் விரிப்பின் நுனியைத் தூக்கிப்பிடித்து நின்றாள். கை கடுத்தது. பெட்டிக்குள் அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.