இறங்காத சத்தம்

தங்கராஜின் தொண்டையில் ஒரு மோட்டார் இருக்கிறது, வேலை இல்லாதபோதுதான் அது பிய்த்துக்கொண்டு ஓடும் என்று ஆக்னஸ் சொல்வாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அது ஓடிய ஒரு மத்தியானத்தில், ஆக்னஸின் புருஷன் ஜெபாவுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் கிழிந்தன.

பழைய யு.பி.எஸ். பேட்டரிகளைச் சோதித்து விற்கும் கொட்டகை அது. அங்கே பேட்டரி அடுக்க இரும்பு ராக் அடிக்கும் வேலை தங்கராஜுக்கும் ஜெபாவுக்கும். கட்டிங் மெஷினில் ஆங்கிள் இரும்பு வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஜெபா டீக்குக் கிளம்பினான். இருபத்திரண்டு வருடம் மிக்ஸி மோட்டார் கட்டிய தங்கராஜுக்கு அப்படிக் கிளம்ப முடியவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த பேட்டரிகளில் பதினெட்டை வரிசையாகச் சேர்த்து, மெஷின் வயரை அதில் மாட்டினான். இருநூற்றுச் சொச்சம் வோல்ட்.

"மெஷின் ஓடுறது ஏ.சி.ல. பேட்டரி டி.சி. ஆச்சே, அண்ணாத்தே?" என்று வாசலில் நின்று கேட்டான் ஜெபா.

"இருக்கட்டும்டா. கட்டிங் மெஷின்லயும் மிக்ஸி மோட்டார் ஜாதிதான் கீது. வெளியே ஒரு காயில், நடுவுல சுத்துறது ஒண்ணு. ஒரே கரண்ட் ரெண்டுலயும் பூந்து வருது. அது தெசை மாறுனா ரெண்டு காந்தமும் ஒண்ணாவே மாறும். அப்ப தள்றது எந்தப் பக்கம்? அதே பக்கம். எதை ஊத்துனாலும் குடிச்சிட்டு நேரா ஊட்டுக்குப் போற ஒரே பார்ட்டி இதுதான்!"

மெஷின் சுற்றியது, வழக்கத்தைவிட ஜோராகவே சுற்றியது. கொட்டகை ஆட்கள் மூன்று பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். கெட்டது அங்கேதான். தங்கராஜ் ஆங்கிளை வெட்டி முடித்தான், மெஷினைத் தூக்கினான், ஸ்விட்சைத் தள்ளினான். "ஆஃப் பண்ட்டேன். பீஸை எடு," என்று ஜெபாவிடம் சொல்லி, மெஷினை மேசைமேல் வைத்துவிட்டு, மூவரிடமும் பாராட்டு வாங்கத் திரும்பினான்.

முதுகுக்குப் பின்னால் சத்தம் ஏறியது.

இரும்பைவிட்டு எடுத்ததும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். லோடு போனால் வேகம் கூடும். வேகம் கூடினால் கரண்ட் குறையும். கரண்ட் குறைந்தால் காந்தம் தளரும். காந்தம் தளர்ந்தால் இன்னும் வேகம். "ஜார் காலியா இருந்தா ஏன்ப்பா இப்படிக் கத்துது?" என்று மிக்ஸியோடு வரும் பெண்களுக்கெல்லாம் இதை அவன் இலவசப் பிரசங்கமாகச் செய்திருக்கிறான். ஆகவே அவன் காது, லோடு போன சத்தம்தானே என்று அலட்சியமாக விட்டுவிட்டது. ஆனால் ஆஃப் செய்த மோட்டார் இறங்க வேண்டும். இது இறங்கவில்லை. மெஷின் மேசையில் ஊர்ந்து, ஆங்கிளைக் கடித்து, பீஸை எடுக்க நீட்டிய ஜெபாவின் கைமேல் துள்ளியது.

தங்கராஜ் பேட்டரி வயரைப் பிடுங்கினான். விரல் நீளத்துக்கு நீலமாய் ஒரு பொறி பறந்தது.

சாயங்காலம் ஸ்விட்சைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே இரண்டு முனைகளும் உருகி ஒட்டிக்கிடந்தன. வீட்டுக் கரண்ட் வினாடிக்கு நூறு முறை செத்துப் பிழைக்கும்; ஸ்விட்சுக்குள் பொறி வந்தாலும் கூடவே செத்துவிடும். பேட்டரி கரண்ட் சாகாது. முனைகள் பிரிந்தாலும் பொறி நடுவில் பாலம் போட்டு நிற்கும். மோட்டார் இரண்டிலும் ஓடும் என்று ஊருக்கே சொன்ன மகான், ஸ்விட்ச் இரண்டையும் நிறுத்துமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்னஸ் கேட்டபோது வாயில் வந்தது இவ்வளவுதான்: "ஸ்விட்ச் பழசும்மா."

அதற்குப் பிறகு பத்து நாள் அவன்மேல் ஆறுதலாகவே விழுந்தது. "உங்க நேரம் சரியில்ல," என்றாள் அவன் மனைவி தாட்சாயிணி. "மெஷினை நம்பவே கூடாது," என்றார் கொட்டகை முதலாளி. "நீங்க என்னாண்ணா பண்ணுவீங்க?" என்று ஆக்னஸே சொன்னபோது தங்கராஜுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. போனில் 'ம்' என்பான், அப்புறம் வைத்துவிடுவான். அவன் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், இருபது வருடச் சிநேகிதனோடு இனி எந்த முகத்தோடு வேலைக்குப் போவது?

பதினோராம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அண்ணனூரில் ஜெபாவின் வீட்டுக்குப் போனான். ஜெபா கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சமையற்கட்டில் ஆக்னஸ் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"விரல் மடங்குதாடா?"

"ஒண்ணு மடங்குது. இன்னொண்ணு தெரியல."

தங்கராஜ் பழத்தைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஸ்விட்ச் பழசுன்னு ஆக்னஸ்கிட்ட சொன்னேன். பழசில்லடா. நாலு மாசம் முன்னாடி நான் மாத்துனதுதான்."

"தெரியும். மாத்தும்போது பக்கத்துல நாந்தான் நின்னுகினு இருந்தேன்."

"அப்புறம் ஏன்டா பேசாமயே கீறே? எல்லாரும் தடவிக் குடுக்குறாங்க. நீயாவது நேராச் சொல்லு. யாரால?"

உள்ளே ஆக்னஸ் மிக்ஸியை நிறுத்தினாள். சத்தம் தணிந்து, இழுத்து, அடங்கியது. ஜெபா அது முழுக்க ஓயும்வரை காத்திருந்தான்.

"கேட்டியா, இறங்குது. அன்னிக்கு ஏறிச்சு. எனக்கும் கேட்டுச்சு. நீ ஆஃப்னு சொன்னியே, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கையை வச்சேன்." அவன் தங்கராஜின் முகத்தை நேராகப் பார்த்தான். "உன்னாலதான், அண்ணாத்தே."