இவர் படிக்கப் போகிறாராம்

என்னைப் பற்றி எழுதியதை என்னிடமே படித்துக் காட்டும் தைரியம் என் கணவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வார்டில் பகல் டியூட்டி முடித்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். நான் நர்ஸ். இவர் கூரியர் கிடங்கில் பார்சல் பிரிக்கிறவர், ஆனால் மனசெல்லாம் மொழியியல். பல்கலைக்கழகத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு மாலை வகுப்பு இருக்கிறது. அதில் சேர, ஏன் படிக்க ஆசைப்படுகிறேன் என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். போன வருடம் தமிழ் எவ்வளவு பழமையானது, எவ்வளவு இனிமையானது என்று அளந்துவிட்டு அனுப்பினார். இடமில்லை, நீங்களே கவனித்தது ஏதாவது இருந்தால் அடுத்த முறை எழுதுங்கள் என்று பதில் வந்தது. இந்த வருடத்தோடு அந்த வகுப்பையே மூடுகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் அவ்வளவுதான்.

ஆகவே இந்த முறை என்னைக் கவனித்திருந்தார். வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம் என்று பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. ஆள் வந்ததை நானே பார்த்திருந்தால் 'வந்தாங்க' என்கிறேனாம். யாரோ சொல்லிக் கேட்டிருந்தால் 'வந்தாங்களாம்' என்கிறேனாம். அந்த 'ஆம்' வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு, இது என் கண்ணால் கண்டதில்லை என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் வினைக்கு அப்படி ஒரு வால் கிடையாது. நான் அசந்துபோனேன். பிறந்ததிலிருந்து பேசுகிறேன், இப்படி ஒன்று என் வாயில் குடியிருப்பதே எனக்குத் தெரியாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வரியில், 'எனவே மருத்துவமனையில் ஆங்கிலம் பேசும்போது என் மனைவி கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் காட்டுவதில்லை' என்று இருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நோயாளி வலி இல்லை என்று சொன்னால், 'பேஷன்ட் ஸ்டேட்ஸ்' என்று போட்டு, அவர் சொன்னதாகத்தான் எழுதுவோம். நான் பார்த்த காயம், நான் எடுத்த ரத்த அழுத்தம் எல்லாம் தனி. ஷிப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் சொல்வதும் அப்படியே. பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால் வேலை போய்விடும். ஆங்கிலத்தில் வால் இல்லாவிட்டால் என்ன, தலையில் ஒரு சொல்லைப் போட்டு அதே காரியத்தைச் செய்கிறோம்.

"வார்டுக்குள்ள வந்து நான் பேசினதக் கேட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கேக்கல."

"அப்புறம் எந்தத் தைரியத்துல எழுதினீங்க? குறைஞ்சது 'பிரிச்சுக் காட்டுறதில்லையாம்'னாவது எழுதியிருக்கலாமே."

இவர் யோசித்தார். யாரும் வந்து சொல்லவில்லையே, நானாக ஊகித்ததுதானே, அதற்கு 'ஆம்' வராது என்றார். ரொம்ப சீரியஸாகச் சொன்னார். அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அந்த வரியை என் கண் முன்னாலேயே அழித்தார்.

அதற்குப் பிறகுதான் வீடு வீடாக இல்லை. இன்ன இடத்தில் எப்படிச் சொல்வாய் என்று என்னைக் குடைய ஆரம்பித்தார். கேட்கக் கேட்க என் தமிழ் மேடை ஏறிவிட்டது. சோறு பரிமாறும்போது 'உண்கிறீர்களா' என்று கேட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கேட்டால் கிடைக்காது, மறந்துபோய்ப் பேச வேண்டும் என்றார் இவர். எனக்கும் மகளுக்கும் சொல்லி, எங்கள் சம்மதத்தோடு சமையலறை அலமாரியில் பழைய போனை ஒலிப்பதிவுக்கு வைத்தார். முதல் நாள் அதைப் பார்த்துப் பார்த்துப் பேசினோம். அப்புறம் எண்ணெய் டப்பாவைப் போல அதுவும் ஒரு சாமான் ஆகிவிட்டது.

வியாழக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். எனக்கே ஆர்வம் தாங்கவில்லை. மகள் என்னிடம் 'டீச்சர் நாளைக்கு ஆப்சென்ட்டாம்' என்கிறாள். கொஞ்ச நேரத்தில் போனில் தோழியிடம் அதையே ஆங்கிலத்தில் சொல்லும்போது முன்னால் 'ஷீ செட்', அதாவது அவங்க சொன்னாங்க என்று போட்டுக்கொள்கிறாள். சொல் ஆங்கிலமானாலும் வால் தமிழாக ஒட்டுகிறதே என்று இவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இன்னோர் இடத்தில் நான், 'மேல் வீட்டுல குழந்தை பொறந்திருக்கு' என்கிறேன். நானா போய்ப் பார்த்தேன்? யாரோ சொன்னதுதான், ஆனால் 'ஆம்' போடவில்லை. அப்படியானால் தமிழிலும் இது கட்டாயமில்லை என்று இவர் குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் அது வந்தது. நான் அக்காவோடு போனில் பேசியது. "அத ஏன் கேக்குற, இவரு மொழியியல் படிக்கப் போறாராம்" என்று சொல்லிவிட்டு நான் சிரிக்கிற சிரிப்பு, கணீரென்று கேட்டது.

மகள் மெல்ல எழுந்து உள்ளே போய்விட்டாள். இவர் பதிவைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"இத உனக்குச் சொன்னதே நான்தான்," என்றார். "நேராச் சொன்னேன். வேற ஆளப் பத்திக் கேள்விப்பட்ட மாதிரி, இதுக்கு எதுக்கு 'ஆம்'?"

சும்மா வாயில் வந்தது என்று மழுப்பினேன்.

"சும்மா வரல. நம்பாதப்பவும் இது வருது. 'பெரிய மனுஷராம்'னு சொல்றோமே, அந்த மாதிரி." கண் பளபளவென்று இருந்தது. கண்டுபிடித்த சந்தோஷமா, வேறா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்பலையா நீ?" என்றார்.

கோபித்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். "போன வருஷம் அந்தப் பதில் வந்தப்போ நீங்க சரியாச் சாப்பிடக்கூட இல்ல. திரும்ப அப்படிப் பாக்க எனக்குத் தெம்பில்ல. அதான் சிரிச்சு வச்சேன்," என்றேன். இவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, இதை எழுதிக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

கட்டிய புருஷனைக் கேலி செய்கிறவள் என்று பேராசிரியர்கள் எல்லாம் படிப்பார்கள். மானம் போகும்தான். எழுதுங்கள் என்றேன்.

உட்கார்ந்து முழுசாக மாற்றி எழுதினார். பழமையும் இல்லை, இனிமையும் இல்லை. காதால் கேட்காததை எழுதி மனைவியிடம் மாட்டிக்கொண்டேன் என்று தொடங்கினார். ஆங்கிலம் முன்னால் சொல் வைத்துச் சொல்வதைத் தமிழ் ஒரு வாலில் சொல்கிறது, அந்த வாலே சில நேரம் நம்பிக்கையின்மையையும் சொல்கிறது, எப்போது எது என்று கேட்கிறவர் எப்படிப் புரிந்துகொள்கிறார், எனக்குத் தெரியவில்லை, அதற்காகத்தான் படிக்க வேண்டும் என்று முடித்தார். படித்ததும் எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பினார்.

இடம் கிடைத்த தகவல் அடுத்த மாதம்தான் வந்தது. ஆனால் அனுப்பிய அன்று சாயங்காலமே அக்கா கூப்பிட்டாள். உன் வீட்டுக்காரர் படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்கும்போதே அவள் குரலில் கிண்டல். இவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"இவரு மொழியியல் படிக்கப் போறாரு," என்றேன்.

இவர் குழாயை மூடினார்.

"இடம் கெடைச்சிருச்சா?" என்றாள் அக்கா.

"இன்னும் இல்ல."

"அப்புறம் எப்படி அடிச்சுச் சொல்ற?"

"நான் பாத்துட்டுத்தான் சொல்றேன்," என்றேன்.