இடம் மாறிய பதிவு

பிடரியில் ஆரம்பித்த வலி தோள்பட்டை வழியாக இறங்கி வலது கட்டைவிரலில் வந்து குடியேறியிருந்தது. அவள் கழுத்தை ஒருமுறை சொடுக்கிப் பார்த்தாள். சத்தம் வந்ததே தவிர வலி போகவில்லை. சங்க அலுவலகத்தில் அவளுக்குக் கொடுத்திருந்தது சாப்பாட்டு மேசை நாற்காலி. ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் பழைய சுவரொட்டியை மடித்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் டைப்பு. தட்டச்சு வேலைக்கு வந்தவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது தட்டச்சு எங்கே இருக்கிறது? சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கம், வாட்ஸப் குழு எல்லாம் அவள் தலையில்தான். பெயர் மட்டும் மாறவில்லை, சம்பளத்தைப் போலவே.

செயலாளர் அன்று காலை வைத்துவிட்டுப் போன தாள் முன்னால் கிடந்தது.

"நமது பேரன்பிற்குரிய தலைவர் அவர்களின் மேலான ஆலோசனையின் பேரிலும், செயற்குழுவின் ஒருமனதான தீர்மானத்தின் அடிப்படையிலும், சுமை தூக்கும் தொழிலாளர்களாகிய நம் உறுப்பினர்களின் உடல்நலனைக் கருத்திற்கொண்டு..." என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் போய், அடிப்பக்கத்தில், கையெழுத்துக்குக் கொஞ்சம் மேலே, தேதியும் இடமும் ஒளிந்துகொண்டிருந்தன. நுரையீரல் முகாம். மூச்சு முட்டுகிறவனுக்காக எழுதியதை மூச்சு முட்டாமல் படிக்க முடியாது.

அவளுக்கு இந்த முகாம் மற்ற முகாம் போல இல்லை. அவளுடைய அண்ணன் சிமென்ட் கிட்டங்கியில் மூட்டை சுமக்கிறவர். இரண்டு படி ஏறினால் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். எக்ஸ்ரே வண்டியோடு வருகிற மருத்துவர் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்து, பாரம் தூக்கக் கூடாது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால், ஒப்பந்தக்காரர் அவரைச் சாக்கு வாய் தைக்கிற வேலையில் உட்கார வைத்தாக வேண்டும். சங்கம் சண்டை போட்டு வாங்கிய விதி அது. சீட்டு இல்லையென்றால் தூக்கு, இல்லை வீட்டுக்குப் போ. அந்த வண்டியும் அந்த மருத்துவரும் மறுபடி எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அவள் தாளைத் தள்ளி வைத்துவிட்டு அண்ணனையே நினைத்துக்கொண்டு எழுதினாள். போனைப் பெருவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவன் எதற்கு நிற்பான்? தன் வலியைப் பார்த்தால் நிற்பான். "மேலும் காண்க" என்று வெட்டிவிடுவதற்கு முன்னால் நாளும் இடமும் வந்துவிட வேண்டும். "நாளை" என்று போடவே கூடாது, இன்றைக்குப் போட்டதை எவனாவது நாளைக்கு அனுப்புவான். எண்ணும் கிழமையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

"மூட்டை ஏறுது, மூச்சு ஏறலையா?
14, ஞாயிறு, காலை 9 முதல் 12.
சங்க மண்டபம், கிட்டங்கித் தெரு.
நெஞ்சைக் காட்டுங்க, சீட்டை வாங்குங்க. காசு வேண்டாம், நீங்க வந்தா போதும்."

செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

"என்ன டைப்பு, டீக்கடையில பேசற மாதிரி இருக்கு."

"டீக்கடையில நிக்கறவங்களுக்குத்தான சார் எழுதினேன்."

"தலைவர் எங்க?"

"படத்துல இருக்கார் சார். பெருசாவே."

"முதல் வரியில வேணும்."

"முதல் வரியில அவர் வந்தா தேதி உள்ள போயிடும். நம்ம ஆளுங்க தலைவரைப் பார்த்துட்டு, ஏதோ பிறந்தநாள்னு நினைச்சுத் தள்ளிட்டுப் போயிடுவாங்க."

பக்கத்து மேசையில் கணக்கெழுதுகிறவர் இருமுவது போல் சிரித்தார். செயலாளரும் ஒரு நிமிடம் யோசித்து, "கடைசியில ஒரு வரி போடு, 'அழைக்கிறார் தலைவர்'னு" என்று இறங்கி வந்தார். போட்டாள்.

பதிவு பற்றிக்கொண்டது. சங்கத்தின் பழைய பதிவுகளுக்குச் செயலாளரும் அவருடைய மைத்துனரும் மட்டும்தான் விருப்பம் தெரிவிப்பார்கள். இதை லாரி ஓட்டுநர்கள் பகிர்ந்தார்கள், கிட்டங்கி வாட்ஸப் குழுக்களில் அப்படியே எடுத்து ஒட்டினார்கள். அண்ணனுக்கு அவளே அனுப்பினாள். சாயங்காலம் அண்ணி போன் செய்தாள்.

"உங்க அண்ணன் வரவங்க போறவங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டு இருக்கார். என் தங்கச்சி எழுதினதுன்னு. கல்யாணப் பத்திரிகையைக்கூட இப்படிக் காட்டல மனுஷன்."

"வருவாரா அண்ணி?"

"வராம? அரைநாள் லீவு சொல்லிட்டு வந்துட்டார். சட்டை கூடத் துவைச்சாச்சு."

வெள்ளிக்கிழமை மதியம் மருத்துவக் குழுவிலிருந்து ஆள் வந்து பார்த்தார். கிட்டங்கித் தெருவில் குழாய் போடத் தோண்டிய பள்ளம் வாயைப் பிளந்து கிடந்தது. படம் எடுக்கும் வண்டி உள்ளே வராது என்று சொல்லிவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளி மைதானம் என்று முடிவானது.

டைப்பு உடனே புதிதாக ஒன்று எழுதிக்கொண்டு போனாள். "இடம் மாறிடுச்சு, கவனிங்க" என்று தலைப்பிலேயே போட்டு, பழைய இடத்தைக் கோடிட்டு அடித்து, புதியதைப் பெரிய எழுத்தில் வைத்திருந்தாள்.

செயலாளர் தலையை ஆட்டினார். "வேணாம். எதிர்ச் சங்கத்துக்காரன் சிரிப்பான். ஒரு தெருவைக்கூடப் பார்த்து வைக்கத் தெரியலன்னு ஊரெல்லாம் பேசுவான். பழைய பதிவுல இடத்தை மட்டும் மாத்திடு. சத்தமில்லாம முடிஞ்சுடும்."

"சார், ஃபேஸ்புக் பக்கத்துல மாத்தினா அங்க மட்டும்தான் மாறும். எடுத்து ஒட்டினவங்க போன்ல பழசுதான் இருக்கும்."

"பார்க்கறவன் பக்கத்தைப் பார்ப்பான்மா. மண்டப வாசல்ல ஒரு ஆளையும் நிறுத்திடறேன், வரவனை அங்க அனுப்பிடுவான். போதுமா?"

போதாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு தடவை அவரோடு மல்லுக்கட்டியாகிவிட்டது. கழுத்து வலி வேறு உயிரை வாங்கியது. மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பதிவைத் திறந்து, மண்டபத்தை அழித்து மைதானத்தை எழுதினாள். படத்தையும் மாற்றினாள். திரையில் எல்லாம் சரியாக இருந்தது. அழகாகவே இருந்தது. அந்த அழகில் ஒன்றை மறந்துபோனாள். அண்ணனுக்குத் தன் கையால் அனுப்பியது பழையது என்பது அவள் நினைவுக்கு வரவில்லை. அவருக்கும் பக்கம் எது, குழு எது என்றெல்லாம் தெரியாது. தங்கச்சி அனுப்பியது அவருக்கு வேதவாக்கு.

ஞாயிறு காலை மைதானத்தில் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் தயார். வண்டி வந்தது, மருத்துவர் வந்தார். தலைவர் பேசினார், கொஞ்ச நேரம்தான் என்று சொல்லிவிட்டு நிறைய நேரம். கூட்டம்தான் இல்லை. மைதானத்தைச் சுற்றியிருந்த கடைக்காரர்களும், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வரிசையில் நின்று நெஞ்சைக் காட்டிவிட்டுப் போனார்கள். டைப்பு போனில் படம் எடுத்துக்கொண்டே அண்ணனைத் தேடினாள். பிறகு செயலாளரின் பின்னால் மாலைத் தட்டோடு நின்ற ஆளைப் பார்த்தாள். மண்டப வாசலில் நிற்க வேண்டிய ஆள்.

"நீங்க அங்கல்ல நிக்கணும்?"

"சார்தான் வரச் சொன்னார். மாலை பிடிக்க ஆள் இல்லைன்னு."

அவள் படம் எடுப்பதை நிறுத்தினாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. சட்டையைத் துவைத்துப் போட்டவர் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார், அது அப்புறம் தெரிந்தது. பாலத்தின் மேல் ஓடினாள்.

பூட்டிய மண்டபத்தின் முன்னால் தெருவை அடைத்துக்கொண்டு லோடுமேன்கள் நின்றிருந்தார்கள். அவ்வளவு பேரைச் சங்கத் தேர்தலில்கூட அவள் பார்த்ததில்லை. பள்ளத்தின் மண்மேட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஊசி என்று கூப்பிடப்படும் ஒல்லியானவர் பூட்டை ஆட்டிக்கொண்டே, மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மூட்டை ஏறுது, மூச்சு ஏறலையா. சங்க மண்டபம், கிட்டங்கித் தெரு. இதுதான மண்டபம்? இதுதான தெரு?"

கூட்டமே வரிக்கு வரி சொல்லிச் சிரித்தது. நன்றாக எழுதியதன் பலன் அது. செயலாளரின் தாளை அப்படியே போட்டிருந்தால் ஒருவனும் படித்திருக்க மாட்டான், ஒருவனும் அரைநாள் கூலியை விட்டு வந்திருக்க மாட்டான்.

"இங்க இல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம். பள்ளி மைதானம்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

சிரிப்பு நின்றது. "அப்ப ஏன்மா இங்கன்னு எழுதின?" என்றார் ஊசி. திட்டவில்லை, கேட்டார்.

முடிந்தவர்கள் ஓடினார்கள். அண்ணனால் ஓட முடியாது. பாலத்தின் ஏற்றத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தார். அவள் தோளைக் கொடுத்தாள். அவர் பாரம் அவள் பிடரியில் விழுந்தது.

"மூட்டை தூக்கறது நான், கழுத்து வலி உனக்கா பாப்பா" என்றார் இடையில். பாதி வார்த்தை காற்றாகப் போனது.

"பேசாம வா அண்ணா."

அவர்கள் மைதானத்துக்குள் நுழைந்தபோது வண்டியின் பின்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடி வந்தவர்களில் சிலருக்குக் கிடைத்தது. மற்றவர்களிடம் மருத்துவர் கையை விரித்தார். அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது, குறை சொன்னால் நேரத்துக்கு வராதவர்களைத்தான் சொல்ல வேண்டும் என்றார். அண்ணன் வண்டி கிளப்பிய புழுதியில் இருமிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அதையும் பந்தல்காரர் எடுக்க வந்து, பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை செயலாளர் இன்னொரு தாளை வைத்தார். "தலைவர் அவர்களின் தலைமையில் திரளான தொழிலாளர்கள் கலந்துகொண்டு பெரும்பயன் பெற்ற..."

"இதை உன் பாணியில சுருக்கிப் போடு. அன்னிக்கு மாதிரி துள்ளணும்."

"திரள் மண்டபத்து வாசல்ல நின்னுச்சு சார்."

"அது நமக்குத் தெரியும்" என்றார் அவர். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

"அடுத்த தடவைன்னா எந்தத் தேதி சார்? எந்த இடம்?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். அவள் வந்து உட்கார்ந்து, அவர் கேட்டதைத் துள்ளலாக எழுதிப் போட்டாள். வேலை அது. செயலாளரும் மைத்துனரும் விருப்பம் தெரிவித்தார்கள். கீழே ஊசி ஒரே வரி எழுதியிருந்தார்: "சங்க மண்டபம், கிட்டங்கித் தெரு." செயலாளர் சொல்லி அதையும் அவளே நீக்கினாள்.

அதே நேரம் கிட்டங்கியில் அண்ணன் மூட்டைக்குக் குனிந்திருப்பார். பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று அவருக்கு வர வேண்டும். சங்கம் தர வேண்டியது, அவளும் தர வேண்டியது. இன்னும் தரவில்லை.