ஆடிக் காற்றும் நான்கு தேக்கு ஜன்னல்களும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்தால் பறந்துவிட்டுப் போகட்டும், நகைக்கடைத் தராசு ஆடலாமா? பாண்டி பஜார் பக்கத்தில் எங்கள் கடை மாடியில் நான்கு பழைய தேக்கு ஜன்னல்கள். எடை போடத் தராசுப் பெட்டியைத் திறந்தால் போதும், எந்த இடுக்கு வழியாகவோ காற்று வந்து முள்ளை ஆட்டும். வாங்க வந்தவர்கள் முள்ளைப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். சிலர் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

பெரியவர், என் அண்ணன் வெள்ளைத்துரை, ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஏலே கணேசமூர்த்தி, பேத்து எறிஞ்சுட்டு ஸ்டீல் ஜன்னல் போட்டுரு."

சுவரை இடித்துப் பூசி முடிக்க ஒரு மாதம் ஆகும். அதற்குள் ஆவணி வந்துவிடும், கல்யாண வியாபாரம் மொத்தமும் எதிர்க்கடைக்குப் போய்விடும். ஆடி முடிவதற்குள் தராசு நிற்கவேண்டும், நிற்காவிட்டால் ஸ்டீல் என்று கெடு வாங்கிக்கொண்டு தச்சர் குலாம் ரசூல் பாயைக் கூப்பிட்டேன்.

பாய் ஜன்னலைத் தட்டிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். "மரம் கல்லு மாதிரி கீது சார். கீல் தளர்ந்து கதவு தொங்கிக்கினு கீது, அவ்ளோதான். கண்ணாடியப் புடிச்சிக்கினு கீற புட்டிப் பசை உதிர்ந்து அதுவும் லொடலொடங்குது. இத்தப் போய் பேக்கச் சொன்னது யாரு?"

"எங்க அண்ணன்."

"அவருக்குப் பல்லு ஆடுனா தலையவா எடுப்பாரு?"

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, ஜன்னல் ஓரத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். புகை எங்கே வளைகிறதோ அங்கே சாக்கட்டியால் கோடு. அளவு மறந்துவிடக் கூடாதென்று வாய்க்குள் முணுமுணுப்பு வேறு. தொப்பி, தாடி, புகை, முணுமுணுப்பு. வாசலில் பூ விற்கும் இசக்கியம்மாள் மாடிக்குச் சரம் கொடுக்க வந்தவள், இதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கினாள்.

மறுநாள் இரண்டு பெண்கள் அழுகிற குழந்தைகளோடு மாடியேறி, பாயிடம் மந்திரிக்கச் சொன்னார்கள். "தச்சரும்மா அவரு!" என்று கத்தினேன். தலையாட்டிவிட்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் வரிசை படிக்கட்டு வரை வந்தது. கடையில் பேய் இருக்கிறதாம், அதுதான் தராசை ஆட்டுகிறதாம், இசக்கியம்மாள் பூவோடு சேர்த்து விற்ற சேதி. எனக்கு வந்த ஆத்திரத்தில் பூக்காரியைப் பூவோடு தூக்கி வீசியிருப்பேன்.

பாய் எதையும் கவனிக்கவில்லை. தளர்ந்த திருகு ஓட்டைகளில் வஜ்ஜிரப் பசையோடு மர ஆப்பு அடித்து, கீலை மறுபடி முடுக்கினார். கீழ்ச்சட்டத்தில் மழைநீர் பட்டு உளுத்த ஒரு மூலையை மட்டும் நல்ல மரம் வரை வெட்டியெடுத்துப் புதுத் தேக்கு ஒட்டுப்போட்டார். இரண்டு கதவு சேரும் இடுக்குக்கு மேல் ஒரு பட்டை. கண்ணாடி உட்காரும் காடியைச் சுரண்டி, முதலில் ஆளிவிதை எண்ணெய் தடவினார். இல்லாவிட்டால் மரம் புட்டியின் எண்ணெயைக் குடித்துவிடுமாம். பிறகு சுண்ணாம்புப் பொடியையும் அதே எண்ணெயையும் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, அடியில் புட்டி, மேலே கண்ணாடி, சின்ன ஆணிகள், அதற்கு மேல் சரிவாகப் புட்டி. "பெயிண்ட் ரெண்டு வாரம் கழிச்சி" என்றார். ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். கதவு முனகாமல் திறந்தது, முனகாமல் சாத்திக்கொண்டது. அத்தனை அழகு.

ஆடி கடைசி வெள்ளி. வெளியே மரக்கிளை முறிகிற காற்று. மாடி நிறையக் கூட்டம், நடுவில் அண்ணன். பெட்டியைத் திறந்தேன். முள் அசையவே இல்லை.

"பேயைக் கட்டிட்டாரு!" என்று அலறினாள் இசக்கியம்மாள். "ஜன்னல் மரத்துலயே கட்டிப்போட்டுட்டாரு!"

அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. "இந்த ஜன்னலை யாரும் பேக்கக் கூடாதுலே. திறக்கவும் கூடாது. வேய் பாய், நாலையும் ஆணி அடிச்சு மூடும்."

"தொறக்கத்தானே சார் செஞ்சேன்," என்றார் பாய்.

அதற்குள் ஒரு அம்மாள் மகள் கல்யாணத்துக்கு எட்டுப் பவுன் சங்கிலி கேட்டாள், காபந்து பண்ணின கடையில்தான் வாங்குவாளாம். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர்.

பாய் என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்துலயே இருந்து பார்த்தீங்க. இவங்களுக்குச் சொல்லுங்க சார். நான் செஞ்சது வேலையா, மந்திரமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலை என்றால் அண்ணன் நம்பமாட்டார், பேய் இன்னும் கடையில்தான் இருக்கிறது என்று கூட்டம் கலைந்துவிடும். ஆவணிக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"மந்திரம்," என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

பாய் உளியைத் துடைத்துப் பையில் வைத்தார். ஆணி அடிக்கச் சுத்தியலை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.